ராசிபலன்: பயமுறுத்தாமல் எழுத முடியாதா?

காரைக்குடிப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ் முகப்பில் வந்து விழுந்ததும், தலைப்புச் செய்தி அப்பச்சிக்குப் போகும். இணைப்பு ஆச்சிக்குப் போகும். இணைப்பில் முதலில் பிரிக்கப்படுவது வார ராசிபலன் பக்கம். ஆச்சி தன் ராசியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பவர் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் மூத்தவன் மகரம், சென்னையில் இருக்கும் சின்னவன் மேஷம், மருமகள் தனுசு, பிளஸ் டூ படிக்கும் பேத்தி கும்பம் என்று மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துப் படிப்பார். படித்து முடித்ததும் போன் போகும். "இந்த வாரம் வண்டியை எடுக்காதே அப்பு, பேப்பர்ல போட்ருக்கான்."

ராசிபலன் எழுதுகிறவர் நினைத்துக்கொண்டிருப்பது ஒரு ராசிக்காரர் ஒரு பத்தியைப் படிப்பார் என்று. செட்டிநாட்டில் நடப்பது வேறு. பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்க, பிள்ளைகள் நாலு திசையிலும் இருக்கிறார்கள். ஆறு பேருக்காக ஒருவர் கவலைப்படுகிறார். ஒரு வாரத்தில் சந்திரன் கடக்கும் ராசிகளைக் கணக்கிட்டால் பெரும்பாலும் நான்கு ராசிக்காரர்களுக்குச் சந்திராஷ்டமம் வரும். குடும்பத்தில் ஆறு பேர் ஆறு வெவ்வேறு ராசி என்று வைத்துக்கொண்டால், யாருக்குமே சந்திராஷ்டமம் இல்லாத வாரம் நூற்றுக்கு மூன்றுதான். மீதி தொண்ணூற்றேழு வாரமும் ஆச்சிக்குப் பயப்பட ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது.

இதில் ஆச்சியின் தப்பு ஒன்றும் இல்லை. பத்தி எழுதப்படும் விதத்தில்தான் கோளாறு. ஜோதிடம் உண்மையா பொய்யா என்ற வழக்கை இங்கே விசாரிக்கப் போவதில்லை. அதைப் பற்றி நடுவில் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும், பேசுவோம். கேள்வி இதுதான்: எழுதத்தான் போகிறார்கள், படிக்கத்தான் போகிறார்கள் என்றால், யாரையும் கலவரப்படுத்தாமல், பொய்யும் சொல்லாமல் ஒரு வார ராசிபலனை எழுத முடியுமா? முடியும். அதற்கான விதி ஜோதிட நூல்களுக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சரியாகப் பின்பற்றினாலே பாதி பயம் காணாமல் போய்விடும்.

எட்டாமிடக் கணக்கு

நம் ஊரில் ராசி என்றால் பிறந்த நேரத்தில் சந்திரன் இருந்த ராசி. ஆங்கிலப் பத்திரிகைகளில் வருவது சூரியன் இருந்த ராசி. 1930 ஆகஸ்டில் இளவரசி மார்கரெட் பிறந்தபோது லண்டன் 'சண்டே எக்ஸ்பிரஸ்' இதழில் ஆர்.எச். நெய்லர் எழுதிய ஜாதகக் கட்டுரைக்குக் கிடைத்த வரவேற்பிலிருந்து வளர்ந்த வழக்கம் அது. சூரியன் ஒரு ராசியில் ஒரு மாதம் இருப்பான். சந்திரன் இரண்டேகால் நாள்தான். பன்னிரண்டு ராசியையும் ஒரு சுற்று சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். அதனால் வாரபலன் எழுத சந்திரன்தான் தோதான கிரகம். குருவும் சனியும் ஒரு வாரத்தில் அசைந்ததே தெரியாது. வாரா வாரம் மாறுகிற பலனை எழுத வேண்டுமானால் சந்திரனைத்தான் பிடிக்க வேண்டும்.

கோசார விதி சொல்வது இது: ஒருவருடைய ராசியிலிருந்து எண்ணி 1, 3, 6, 7, 10, 11 ஆகிய இடங்களில் சந்திரன் வரும்போது நல்லது. 2, 4, 5, 8, 9, 12 ஆகிய இடங்களில் அவ்வளவு சுகமில்லை. எட்டாமிடத்தில் வருவதுதான் சந்திராஷ்டமம்.

இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நல்லது ஆறு, மற்றது ஆறு. இன்னொன்றும் கண்ணில் படும். சுகமில்லாத இடங்கள் தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் வருவதே இல்லை. 4, 5 முடிந்தால் 6 நல்லது. 8, 9 முடிந்தால் 10 நல்லது. 12 முடிந்தால் 1 நல்லது. இரண்டு ராசியைக் கடக்கச் சந்திரனுக்கு நாலரை, மிஞ்சினால் ஐந்து நாள். வாரத்துக்கு ஏழு நாள். ஆகவே எந்த ராசிக்காரருக்கும் எந்த வாரத்திலும் குறைந்தது இரண்டு நாளாவது நல்ல இடத்தில் சந்திரன் இருந்தே தீருவான். "இந்த வாரம் முழுக்கச் சோதனை" என்று ஒரு வாரபலன் சொன்னால், சந்திரனை வைத்துச் சொன்னது இல்லை அது. அதே கணக்கில், நல்ல இடங்களும் தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் வராது என்பதால், "வாரம் முழுக்க யோகம்" என்பதும் விதிப்படி நிற்காது.

இந்தச் சின்னக் கணக்கை எழுதுகிறவர்களும் பல நேரம் மறந்துவிடுகிறார்கள். பயமுறுத்தும் பத்தி தார்மீகத் தப்பு என்று சொல்வதற்கு முன்னால், அது தொழில் தப்பு என்றே சொல்லிவிடலாம்.

சனியைப் பற்றியும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. எந்த நாளிலும் ஏழரைச் சனியில் மூன்று ராசி இருக்கும். அஷ்டமச் சனியில் ஒன்று. அர்த்தாஷ்டமச் சனியில் ஒன்று. ஆக, பன்னிரண்டில் ஐந்து ராசிக்காரர்களுக்கு எப்போதுமே ஏதோ ஒரு பெயரில் சனி இருக்கிறது. காரைக்குடி கழனிவாசல் சந்தைக்குப் போனால் எதிரில் வருகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் சனியின் பிடியில். அவர்கள் காய்கறி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஐந்தில் இரண்டு பேருக்கு எப்போதும் பொருந்துகிற ஒன்றைப் பேரிடர் என்று அழைக்க முடியாது.

எந்தப் பஞ்சாங்கம்?

அடுத்த சிக்கல் பஞ்சாங்கம். தமிழ்நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு முறை. 'பாம்புப் பஞ்சாங்கம்' போன்றவை வாக்கியம். வாக்கிய முறையில் சந்திரனுக்கு 248 நாள்களுக்கு 248 வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளுக்குள்ளும் அன்றைய நிலை எண்ணாக ஒளிந்திருக்கும். அதை மனப்பாடம் செய்தவர் தாள் பேனா இல்லாமல் கணக்குப் போடுவார். 1825-ல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்பவர் தன் 'காலசங்கலித' நூலில் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் வித்தியாசம் நாலு நிமிடம்தான். முடிவு நேரத்தில் 52 நிமிடம் பிசகியது. மனக்கணக்குக்கு அது பிரமாதம். ஆனால் பிசகு பிசகுதான். தொலைநோக்கிகளால் அளந்த கிரக நிலைகளை வைத்துக் கணிப்பது திருக்கணிதம். 1952-ல் மேக்நாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு நாட்டுக்கே பொதுவாக ஒரு கணிதத்தைப் பரிந்துரைத்தது. 1957-லிருந்து 'ராஷ்ட்ரீய பஞ்சாங்கம்' வருகிறது. நம் கோயில்கள் பல இன்றும் வாக்கியத்தில்தான் நிற்கின்றன.

சந்திரனில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சில மணி நேரத்தோடு போகும். சனியில் அப்படி இல்லை. சனி ஒரு பாகை நகரச் சராசரியாக ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். சில பாகை வித்தியாசம் வந்தால் பல மாதம் தள்ளிப்போய்விடும்.

திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ல் சனி மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டது. தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் "மேஷத்துக்கு ஏழரைச் சனி ஆரம்பம்" என்று முழங்கினார்கள். திருநள்ளாறு கோயில் நிர்வாகமோ, நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கம், எங்களுக்கு அன்று பெயர்ச்சி இல்லை, அடுத்த ஆண்டுதான் என்று அறிவித்தது. வாக்கியப்படி பெயர்ச்சி 2026 மார்ச் 6. பதினோரு மாதம் இடைவெளி. அந்தப் பதினோரு மாதமும் மேஷ ராசிக்காரர் ஒரு பஞ்சாங்கத்தில் ஏழரையில் மாட்டியவர், இன்னொன்றில் சுதந்திர மனிதர். மகர ராசிக்காரர் ஒன்றில் விடுதலை ஆனவர், மற்றதில் இன்னும் கடைசிக் கட்டத்தில் இருப்பவர். ஒரே மனிதர், ஒரே வாழ்க்கை.

பட்டமங்கலத்துக்கு வியாழக்கிழமையும், சனீஸ்வரருக்கு விளக்குப் போடப் பெரிச்சிகோயிலுக்குச் சனிக்கிழமையும் போகிற எங்கள் பக்கத்து மக்களிடம் அந்த ஆண்டு முழுக்க இந்தக் குழப்பம் இருந்தது. வாரபலன் பத்திகளில் பெரும்பாலானவை எந்தப் பஞ்சாங்கம் என்று சொல்லவே இல்லை. ஒரே பத்திரிகையில் தினபலன் ஒருவர், வாரபலன் இன்னொருவர். ஒருவர் வாக்கியம், மற்றவர் திருக்கணிதம். இரண்டையும் படிக்கிற வாசகர்தான் நடுவில் நிற்கிறார். பத்தியின் தலைப்புக்குக் கீழே "இந்தப் பலன்கள் இன்ன பஞ்சாங்கப்படி" என்று ஒரு வரி போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நேர்மையான வாரபலனின் முதல் அடையாளம் அந்த ஒரு வரிதான் என்பேன்.

ஒரு வாரத்தை எழுதிப் பார்ப்போம்

2026 மார்ச் 1 ஞாயிறு முதல் 7 சனி வரையிலான வாரத்தையே எடுத்துக்கொள்வோம். பயமுறுத்த விரும்பும் ஒருவருக்கு இதைவிட வசதியான வாரம் அமையாது. திங்கள்கிழமை பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடக்கம். செவ்வாய்க்கிழமை சந்திர கிரகணம். நம் ஊரில் சந்திரன் உதிக்கும்போதே கிரகணத்தோடு உதித்து, மாலை ஏழு மணிக்கு முன்பே விட்டுவிடும் கிரகணம். வெள்ளிக்கிழமை வாக்கியப்படி சனிப்பெயர்ச்சி.

ஞாயிறு முழுக்கச் சந்திரன் கடகத்தில். திங்கள் காலையில் சிம்மத்துக்கு வருகிறான். புதன் பிற்பகலில் கன்னி. வெள்ளி வரை கன்னியில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை துலாம். மணிக்கணக்கு பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் கொஞ்சம் மாறும், நாள் கணக்கு இதுதான். ஆகவே சந்திராஷ்டமம் ஞாயிறு தனுசுக்கு, திங்கள் முதல் புதன் மதியம் வரை மகரத்துக்கு, அங்கிருந்து வெள்ளி வரை கும்பத்துக்கு, சனிக்கிழமை மீனத்துக்கு.

மகரத்தைப் பாருங்கள். தேர்வு தொடங்கும் நாளில் சந்திராஷ்டமம். எட்டாமிடத்திலேயே கிரகணம். வாரக் கடைசியில் ஏழரைச் சனி முடிகிறது. வழக்கமான பத்தி இதை எப்படி எழுதும் என்று நமக்கெல்லாம் தெரியும்: "வாரத் தொடக்கத்தில் எதிலும் தடை. மறதியால் நஷ்டம். பயணத்தில் கண்டம். தாயார் உடல்நிலை கவலை தரும். வெள்ளிக்குப் பிறகு ராஜயோகம், தொட்டது துலங்கும்." ஆறு சொற்றொடர், ஒன்றுக்கும் பொறுப்பில்லை. தேர்வு எழுதப்போகும் மகர ராசிப் பிள்ளைக்கு அந்த "மறதி" என்ற ஒரு சொல் செய்யும் வேலையை யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் ஆச்சி அதை உரக்கப் படித்தும் காட்டியிருப்பார்.

அதே கிரக நிலையை வைத்து இப்படியும் எழுதலாம்:

"மகரம்: ஞாயிறு சந்திரன் ஏழில், வீட்டில் கலந்து பேசவேண்டியதை அன்று பேசலாம். திங்கள் காலை முதல் புதன் மதியம் வரை சந்திராஷ்டமம். புதிதாக ஒன்றைத் தொடங்கும் எண்ணம் இருந்தால், அவசரமில்லாத பட்சத்தில், சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே குறித்த தேர்வு, மருத்துவரைப் பார்ப்பது, பயணம் எதையும் இதற்காக மாற்றவேண்டாம். இந்த நாள்களில் லட்சக்கணக்கான மகர ராசிக்காரர்கள் வழக்கம்போல வேலை பார்ப்பார்கள். வெள்ளியன்று வாக்கியப்படி ஏழரைச் சனி நிறைவடைகிறது. ஒரே நாளில் எதுவும் மாறிவிடாது."

ராசி அதுவே, விதியும் அதுவே. பொய் ஏதும் சேர்க்கவில்லை, சந்திராஷ்டமத்தை மறைக்கவும் இல்லை. மறைப்பது தப்பு, நம்பிப் படிக்கிறவருக்கு அது தெரியவேண்டிய தகவல், மறைத்தால் காலண்டர் தாளைக் கிழித்துப் பார்த்து அவரே தெரிந்துகொள்வார், பிறகு உங்கள் பத்தியை நம்பமாட்டார். சந்திராஷ்டமத்தின் அளவைச் சொன்னதுதான் வித்தியாசம். எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எதை மட்டும் தள்ளிவைக்கலாம், எதைத் தள்ளக்கூடாது. தொடக்கமும் முடிவும் தெரிந்த ஒன்றைக் கண்டு மனிதர்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

மேஷமும் சுவாரஸ்யமானது. சனி பன்னிரண்டாம் இடத்துக்கு வந்து ஏழரை தொடங்கும் அதே வெள்ளியன்று, சந்திரன் அவர்களுக்கு ஆறாமிடத்தில். அடுத்த நாள் ஏழில். வாரத்தின் பின்பாதி சந்திரனால் அவர்களுக்கு நல்ல பாதி. வாரபலன் என்று பெயர் வைத்துவிட்டு, ஏழரை ஆண்டுக்கான பயத்தை அந்த ஒரு வாரப் பத்திக்குள் கொட்டுவது எந்த நியாயம்? "ஏழரைச் சனியின் முதல் கட்டம், செலவுகளை எழுதி வைக்கும் பழக்கம் உதவும்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, அந்த வாரத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். பத்தியில் சொன்னது பலிக்காமல் போனால், அதை நம்பி நடந்தவருக்கு என்ன நஷ்டம்? "பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்" என்ற வரி பலிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. "கண்டம்" என்ற சொல் பலிக்காவிட்டாலும் நஷ்டம்தான். மூன்று இரவு தூக்கம் போயிருக்கும்.

நல்ல பலனும் கெடுக்கும்

பயமுறுத்தாமல் எழுதுவது என்றால் இனிப்பாக எழுதுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். செட்டிநாட்டில் அதற்கும் ஒரு விலை உண்டு. பெரிய வீடுகள் பலவற்றில் புள்ளிக்கணக்கில் பங்கு பிரிந்து, ஒரு வீட்டுக்கு இருபது முப்பது வாரிசுகள். சமரசத்தில் முடியவேண்டியது வழக்காகி, பூட்டிய வீட்டில் தேக்கு உளுத்துப்போவதை ஊர் ஊராகப் பார்க்கலாம். அப்படி ஒரு பங்காளியிடம் "வழக்கில் வெற்றி நிச்சயம்" என்று வாரபலன் சொன்னால், அன்று மாலை வருவதாக இருந்த சமரசப் பேச்சை அவர் தள்ளிப்போடுவார். "திடீர் பணவரவு" என்ற சொல்லும் அப்படித்தான். தமிழ்நாட்டில் லாட்டரி 2003-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் மாதம் பத்து வட்டி என்று கூவுகிற நிதி நிறுவனங்களும், கைபேசியில் பங்கு வாங்கச் சொல்கிற குரல்களும் நிற்கவில்லை. நல்ல வாக்கு என்று நினைத்து எழுதிய ஒரு வரி யாருடைய சேமிப்பையாவது எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஆகவே நீதிமன்றம், நோய், மரணம், கர்ப்பம், முதலீடு ஆகிய ஐந்தையும் வாரபலனில் தொடவே கூடாது என்பது என் கட்சி. நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம். உலகத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து எழுதும் பத்திக்கு அதைச் சொல்லும் தகுதி கிடையாது. ஜோதிடர்களே இதை ஒப்புக்கொள்வார்கள். தனி ஜாதகத்தில் லக்னமும் தசாபுத்தியும்தான் முதலில், கோசாரம் அதற்குப் பிறகுதான் என்பது அவர்கள் பாடம். நோய் தீர்க்கும் தாயத்து, மந்திரம் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடுக்கிறது. பரிகாரம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் காசு செலவில்லாத பரிகாரமாக இருக்கட்டும். பக்கத்துக் கோயிலில் ஒரு விளக்கு, வீட்டில் பெரியவர்களோடு அரைமணி நேரப் பேச்சு. பத்தியின் அடியில் ஒரு கைபேசி எண்ணும், கல் வைத்த மோதிரமும் இருந்தால், அந்தப் பத்தி எதற்காக எழுதப்பட்டது என்று நாமே புரிந்துகொள்ளலாம்.

பத்திரிகை அலுவலகத்துக்குள்ளும் ஒரு கோளாறு நடக்கிறது. பன்னிரண்டு ராசியும் ஒரே அளவில், ஒரே பக்கத்தில் அடங்கவேண்டும். எழுதியவர் "சிலருக்கு", "பொதுவாக", "வாய்ப்பு உண்டு" என்றெல்லாம் போட்டு அனுப்பியிருப்பார். பக்கம் கட்டும்போது இடம் போதாது. உதவி ஆசிரியரின் கத்தரி முதலில் போவது இந்தச் சொற்களுக்குத்தான். அவை இல்லாமலும் வாக்கியம் நிற்கும் அல்லவா? "சிலருக்கு அலைச்சல் கூடலாம்" என்பது "அலைச்சல் கூடும்" ஆகிறது. சோதிடர் பேராசையால் எழுதியதாக நாம் நினைக்கும் பல வரிகள் இப்படி நாலு எழுத்து இடத்துக்காகக் கூர்மையானவை. ராசிபலன் பக்கத்தில் அந்தச் சொற்கள் அலங்காரம் கிடையாது, உண்மையின் பங்கு அதில்தான் இருக்கிறது என்று யாராவது பக்க வடிவமைப்பாளருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நம்பலாமா என்ற கேள்வி

இனி அந்தக் கேள்வி. வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர் புனேயில் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் படிக்கும் குழந்தைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100 பேர். இவர்களின் ஜாதகங்களைக் கலந்து, 27 ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 கொடுத்து, எது எந்த வகை என்று கேட்டார். காசைச் சுண்டிப்போட்டுச் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும் அளவைத் தாண்ட அவர்களால் முடியவில்லை. முழு ஜாதகத்துக்கே இந்த நிலைமை என்றால், பன்னிரண்டில் ஒன்று என்ற வாரபலனுக்கு எவ்வளவு கனம் கொடுக்கலாம் என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளலாம்.

பிறகு ஏன் பொருந்துவது போலத் தெரிகிறது? 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவர் குணத்தை ஆராய்ந்து எழுதியதாகச் சொல்லித் தனித்தனித் தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலேகாலுக்கு வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம்; பெரும்பகுதி கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. இதை நீங்கள் இந்த ஞாயிறே வீட்டில் செய்யலாம். ராசிப் பெயரைச் சொல்லாமல் வேறு ராசியின் பத்தியை உரக்கப் படியுங்கள். "அப்படியே எனக்குத்தான் எழுதியிருக்கான்" என்று ஒருவர் சொல்வார்.

அதற்காகப் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிடவும் முடியாது. 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகரத்தில் எட்டு கிரகங்கள் கூடின. அஷ்டகிரகச் சேர்க்கை, உலகம் அழியப்போகிறது என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. ஊர் ஊராக யாகங்கள், பயணங்கள் ரத்து. சூரியன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது ஆகிய ஏழும் முன்பே அங்கே கூடியிருந்தன. எட்டாவதாகச் சந்திரன் வந்தான். இரண்டேகால் நாளில் கும்பத்துக்குப் போய்விட்டான். உலகம் இருந்த இடத்தில் இருந்தது. யாகத்தால்தான் தப்பித்தோம் என்று சொன்னவர்களும் உண்டு. பயத்தை அச்சடித்துவிட்டால் பிறகு எது நடந்தாலும், நடக்காவிட்டாலும், பயத்துக்கே சாட்சி ஆகிவிடுகிறது.

இந்திய பிரஸ் கவுன்சிலின் பத்திரிகை நடத்தை நெறிகளில் இதைப் பற்றி ஒரு விதி இருப்பது பலருக்குத் தெரியாது. ஜோதிடப் பலன்கள் வாசகர் மனத்தைக் கலைக்கக்கூடும், அறிவியல் மனப்பான்மையை வளர்க்க நினைக்கும் பொதுப் பத்திரிகைகள் அவற்றைத் தவிர்க்கவேண்டும், ஜோதிடத்துக்கென்றே தனி இதழ் வேண்டுமானால் நடத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நேரு 1948-ல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உள்ள ஊர் எங்கள் ஊர். அந்த ஊரின் தேநீர்க் கடையிலும் பேப்பர் வந்ததும் ராசிபலன் பக்கம் தனியாகக் கழற்றப்பட்டுக் கைமாறுகிறது. விதியைப் பின்பற்றி அந்தப் பக்கத்தை நிறுத்தும் நாளிதழை நான் இன்னும் பார்க்கவில்லை. நிறுத்தப்போவதில்லை என்றால், அதை ஒழுங்காகவாவது எழுதவேண்டும்.

ஒழுங்கான பத்தியை அடையாளம் காண்பது சிரமமில்லை. எந்தப் பஞ்சாங்கம் என்று மேலே போட்டிருக்கும். சந்திராஷ்டமம் எந்த நாள் தொடங்கி எந்த நாள் முடிகிறது என்று நாளோடு இருக்கும். பன்னிரண்டு ராசிக்கும் வாரத்தில் நல்ல நாளும் சுமாரான நாளும் கலந்தே இருக்கும், ஏனென்றால் சந்திரனின் கணக்கே அப்படித்தான். உடல்நலம் என்றால் மருத்துவர், வழக்கு என்றால் வழக்கறிஞர் என்று அனுப்பிவைக்கும். பத்தி எழுதுகிறவர் தன் வரம்பை ஒரு வரியில் சொல்லியிருப்பார்: இது பொதுப் பலன், ஒரு ராசியில் பிறந்த கோடிக்கணக்கானோருக்குச் சேர்த்து எழுதியது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இதழ் அச்சுக்குப் போகுமுன் ராசிபலன் பக்கத்தை எடுத்து, "கண்டம்", "விபத்து", "ஆபத்து", "உயிர்", "அறுவை சிகிச்சை" என்ற சொற்களைத் தேடுங்கள். இருந்தால் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் "சிலருக்கு", "பொதுவாக" என்ற சொற்களைத் திரும்பப் போடுங்கள். இடம் சரியாக இருக்கும்.